கடைசி வரியை முதலில் படிக்கிறவன்

என் சகலையைப் பற்றி யாரை எழுதச் சொன்னாலும் நல்லவிதமாகத்தான் எழுதுவார்கள். எழுதுவது நான் என்பதால் கொஞ்சம் முன்பின் இருக்கும். எனக்கு அவன்மேல் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் தொண்டையில் நிற்கிற பொறாமை. இதை மறைத்துக்கொண்டு எழுதினால் நாலாவது வரியிலேயே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். என்னைவிட ஏழு வயது சின்னவன். ஒல்லி. பேசினால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது. ஒன்பது வருடம் ஒரு பயண ஏஜென்சியின் கவுன்டரில் உட்கார்ந்து டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தான். எல்லோரும் கைப்பேசியிலேயே டிக்கெட் போட ஆரம்பித்தபிறகு அந்த ஏஜென்சி ஒருநாள் கதவைச் சாத்தியது. மூன்று மாதம் வீட்டில் இருந்தான். மச்சினி வந்து அக்காவிடம் கண்ணைக் கசக்கினாள், அக்கா என்னிடம் கசக்கினாள். நான்தான் எங்கள் கம்பெனியில் பேசி, ஹெல்ப்டெஸ்க்கில் அவனுக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. அதற்கு மேல் அவன் எங்கே போகப்போகிறான் என்று நினைத்தேன். நினைத்ததில் எனக்குக் கொஞ்சம் சுகமும் இருந்தது.

நான் யார் என்றும் சொல்லவேண்டும். அதே கம்பெனியில் பதினாறு வருடம் சர்வர் அறையைக் கட்டிக் காத்தவன். ஆரம்ப காலத்தில் ஒரு வாடிக்கையாளரின் சர்வர் என் கண்முன்னால் செத்தது. மாற்று மெஷின் இல்லை. இரண்டு நாள் அவர்கள் வேலை நின்றது; ஆறு மாதம் அதைச் சொல்லிக்காட்டினார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு வாய்ப்பழக்கம் வந்தது: "எதுக்கும் இருக்கட்டும்." ஒரு டிஸ்க் போதும் என்றால், எதுக்கும் இருக்கட்டும் என்று இரண்டு. ஒரு லைன் போதும் என்றால் இரண்டு. வீட்டில்கூட குடை இரண்டு, டார்ச் இரண்டு, ஆணியடிக்கச் சுத்தியல் இரண்டு. ஆபீசில் எனக்குப் பெயரே "எதுக்கும் அண்ணன்". அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் கிளவுட் பரீட்சை வந்தது.

வாடிக்கையாளர்கள் சொந்த சர்வரை விட்டுவிட்டு, கிளவுட் கம்பெனிகளின் கணினிகளை வாடகைக்கு எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் கம்பெனியில் புதிதாக ஒரு டிசைன் குழு. அதற்கு ஒரு தலைவர். சான்றிதழ் பரீட்சையில் தேறியவர்தான் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று மேனேஜர் அம்மா அறிவித்தார். அறுபத்தைந்து கேள்வி, நூற்று முப்பது நிமிடம், ஆயிரத்துக்கு எழுநூற்று இருபது எடுத்தால் பாஸ். அந்த நாற்காலி எனக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சர்வர் அறை இன்னும் ஒரு வருடத்தில் காலியாகிவிடும். அது போனால் நான் எதைக் காப்பது? அதனால் அந்த நாற்காலி எனக்கு ஆசை மட்டும் இல்லை. வேறு போக்கிடம் இல்லாதவனுக்கு அது ஒன்றுதான் இடம்.

சகலையும் பெயர் கொடுத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஃபெயில். மறுநாள் அவன் எழுதினான். எண்ணூற்று நாற்பத்தொன்று.

மதிப்பெண்ணோடு ஒரு தாள் வரும், எந்தப் பகுதியில் தேறினோம், எதில் தேறவில்லை என்று. எனக்குப் பாதுகாப்பு தேறியிருந்தது. பழுது தாங்கும் அமைப்பு நன்றாகத் தேறியிருந்தது. "செலவு குறைந்த வடிவமைப்பு" என்ற பகுதியில் கோடு ஊர்ந்துபோய் பாதியிலேயே படுத்துவிட்டது. அந்த வகைக் கேள்விகள் எப்படி என்றால், ஒரு கம்பெனியின் கதையைப் பத்து வரிக்குச் சொல்வார்கள். என்ன என்ன வேண்டும் என்று நடுவில் சொல்லியிருப்பார்கள். கீழே நாலு அமைப்பு. கடைசி வரியில் கேட்பார்கள்: இந்தத் தேவைகளை மிகக் குறைந்த செலவில் நிறைவேற்றும் அமைப்பு எது? நாலில் மூன்று வேலை செய்யும். அதுதான் வம்பு. மூன்றும் ஓடும், ஒன்றுக்குத்தான் மார்க்.

அந்த ஞாயிறு மாமியார் வீட்டில் எல்லோரும் கூடினோம். மாமியார் அவனுக்குத் தனியாக இன்னொரு கரண்டி பரிமாறினார்.

"மேகத்துக்கெல்லாம் பரீட்சை வெக்கறாங்களாமே. அதுல எங்க சின்ன மாப்பிள்ளை மொத தடவையிலயே பாஸ்" என்றார் பக்கத்து வீட்டுக்காரரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "பெரிய மாப்பிள்ளையும் எழுதினாரு" என்று நிறுத்திக்கொண்டார்.

சகலை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். அவன் மெதுவாகச் சாப்பிடுகிறவன். ஒவ்வொரு வாயையும் எண்ணி வைப்பான். அன்றைக்கு அவன் மெல்லுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாததற்கு, அவன் அனுப்பும் மின்னஞ்சல்களின் அடியில் அந்தச் சான்றிதழின் சின்னப் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தான். மதியம் சாப்பாட்டுக்கு வரமுடியாது என்று எழுதினாலும் அடியில் சின்னம் மினுக்கும்.

திங்கட்கிழமை மேனேஜர் அம்மா எங்கள் இருவரையும் அழைத்தார்.

"உங்களுக்குப் பதினாறு வருஷ அனுபவம் இருக்கு" என்றார் என்னிடம். "பதினாலு நாள் கழிச்சுத் திரும்ப எழுதலாம் இல்லையா? எழுதுங்க. பாஸ் பண்ணிட்டா நாற்காலி உங்களுக்கு. இல்லைன்னா இவருக்கு. அதுவரைக்கும் ஸ்கேன் சென்டர் வேலையை இவர் டிசைன் பண்ணட்டும், நீங்க சரிபாருங்க."

அந்த ஸ்கேன் சென்டர் என் பழைய வாடிக்கையாளர். எட்டு வருடமாக அவர்களுடைய ஒவ்வொரு வயரும் எனக்குத் தெரியும். அதை இப்போது இவன் வரையப்போகிறான், நான் அடிக்கோடு போடப்போகிறேன். சரி என்று வெளியே வந்தேன்.

இரண்டு நாளில் டிசைனை எடுத்துக்கொண்டு வந்தான். குறை கண்டுபிடிக்கவேண்டும் என்றே பார்த்தேன். கிடைக்கவில்லை. கேட்ட எதுவும் விடுபடவில்லை, கேட்காத எதுவும் உள்ளே வரவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தோம்.

"அண்ணே, இந்த ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றான். "ஸ்கேன் படமெல்லாம் கிளவுட்ல ஒரு நகல் வைக்கிறோம். மூலப் படம் அவங்க ஸ்கேன் ரூம் ஸ்டோரேஜ்லயே எப்பவும் இருக்கும்னு கொடுத்த தாள்ல எழுதியிருக்காங்க. இங்க போனாலும் அங்கிருந்து திரும்ப எடுத்துக்கலாம். அதனால நகலை ஒரே ஜோன்ல வெச்சுட்டேன். சரிதானே?"

ஜோன் என்பது கிளவுட் கம்பெனியின் தனி மின்சாரம், தனி இணைப்பு உள்ள கட்டடத் தொகுதி. வழக்கமாக ஒரு கோப்பைக் கொடுத்தால் மூன்று ஜோனில் நகல் எடுத்துப் பத்திரமாக வைப்பார்கள். ஒரே ஜோனில் வைத்தால் மலிவு. ஆனால் அந்த இடம் எரிந்தால் படமும் போச்சு. திரும்ப உருவாக்க முடிகிற கோப்புக்கு அது சரியான விடை. பரீட்சையில் முழு மார்க்.

ஆனால் மூலப் படம் அங்கே எப்போதும் இருக்காது. தொண்ணூறு நாளானதும் அழிந்துவிடும். ஸ்கேன் அறையில் இடம் போதவில்லை என்று அவர்கள் புலம்பியதால், பழையதைத் தானாக அழிக்கும் கணினி ஸ்கிரிப்டை எழுதி வைத்தவனே நான்தான். மூன்று வருடம் ஆயிற்று. அந்தத் தாளை நிரப்பிய ஆள் புதிது, அவருக்குத் தெரியாது. உலகத்தில் அது சட்டென்று ஞாபகம் வரக்கூடிய ஒரே மனிதன் நான்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

அவன் என்னை ஒரு நொடி பார்த்தான். "சரிண்ணே" என்று மடிக்கணினியை மூடிக்கொண்டு போனான்.

பொய் சொன்னோம் என்ற குத்தல் எனக்கு உடனே வரவில்லை. முதலில் வந்தது குளுமை. போகட்டும், என்றைக்காவது வெடிக்கட்டும், டிக்கெட் போட்டவனுக்கு டிசைன் போடத் தெரியுமா என்று எல்லோரும் கேட்கட்டும். அப்படித்தான் நினைத்தேன். ஒரு நோயாளியின் பழைய படம் காணாமல் போனால் என்ன ஆகும் என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் தோன்றியது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மறுநாள் அவனே வந்தான். ஸ்கேன் சென்டர் பற்றிப் பேசவில்லை.

"அண்ணே, மதியம் ஒரு மணி நேரம் மீட்டிங் ரூம் காலியா இருக்கு. உங்க பரீட்சைக்கு உக்காரலாமா?"

"உன்னை யாரு கேட்டா?"

"உங்க மச்சினிதான். ரெண்டு வீட்லயும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க முடியலையாம். நான் பாஸ் ஆனதுலேர்ந்து எங்க வீட்ல எனக்கே மரியாதை இல்ல."

சிரிக்கக்கூடாது என்று இருந்தேன், சிரித்துவிட்டேன். இவனிடம் போய் நான் பாடம் கேட்பதா என்று உடம்பெல்லாம் கூசியது. ஆனால் நாற்காலி வேண்டுமே. உட்கார்ந்தேன்.

முதலில், அவன் எழுதிய பரீட்சையில் என்ன வந்தது என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினான். "அதைச் சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டுதான் உள்ளயே விடறாங்க. பயிற்சிக் கேள்விதான் பாக்கலாம்." உத்தமனாம். அதற்கும் எரிந்தது.

ஒரு பயிற்சிக் கேள்வியைத் திரையில் போட்டான். நான் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அவன் கையால் மேலே மறைத்தான்.

"கடைசி வரியை முதல்ல படிங்க."

"ஏன், கதை தெரிய வேண்டாமா?"

"கவுன்டர்ல வர்ற ஆளு பத்து நிமிஷம் கதை சொல்லுவாருண்ணே. மாமா பொண்ணு கல்யாணம், ஆபீஸ்ல லீவு தரல, போன தடவை சீட் சரியில்ல. எல்லாம் முடிஞ்சு எந்திரிக்கும்போது ஒண்ணு சொல்லுவாரு: 'எப்படியாவது திங்கக்கிழமை காலைல ஒம்பதுக்குள்ள அங்க இருக்கணும், ரொம்பச் செலவாகக் கூடாது.' அதுதான் டிக்கெட்டு. அதைக் கேட்டுட்டுத்தான் முன்னாடி சொன்ன கதையில எது தேவை, எது சும்மான்னு பாக்கணும்."

கேள்வி இதுதான்: ஒரு நிறுவனம் வாராவாரம் லட்சக்கணக்கான படங்களைச் சிறிதாக்குகிறது. நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இன்ன நேரத்துக்குள் முடியவேண்டும் என்ற அவசரம் இல்லை. மிகக் குறைந்த செலவில் எது? நான் இரண்டு ஜோனில் எப்போதும் ஓடும் மெஷின்களைத் தேர்ந்தெடுத்தேன்.

"ஏன்?" என்றான்.

"ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கும்ல? எதுக்கும் இருக்கட்டும்."

"சாகக் கூடாதுன்னு கேள்வியில எங்க போட்டிருக்கு?"

நான் தேடினேன். எங்கும் இல்லை.

"நின்னா பரவாயில்லைன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்ப மூணாவது விடை. சும்மா கிடக்கிற மெஷினைத் தள்ளுபடியில தருவாங்க, வேற ஆளுக்கு வேணும்னா கொஞ்ச நேரம் முன்னால சொல்லிட்டுப் பிடுங்கிக்குவாங்க. ரிசர்வ் பண்ணவன் வர்ற வரைக்கும் அவன் சீட்ல உக்காந்து போற மாதிரி. அவன் வந்தா எந்திரிச்சு நிக்கணும், அவ்வளவுதான்."

"மூணு வருஷ ஒப்பந்தம் போட்டா அதுலயும் தள்ளுபடி உண்டே?"

"அது தினமும் போறவனுக்கு சீசன் பாஸ். இவன் வாரத்துல ஒருநாள் போறவன்."

பதினாறு வருடம் நான் கட்டிக் காத்ததெல்லாம் அந்த மேஜைமேல் ஒரு தப்பான விடையாகக் கிடந்தது. கேட்காத பாதுகாப்பைக் கொடுப்பதும் இந்தப் பரீட்சையில் தப்புத்தான். அதை இவன் வாயால் கேட்கவேண்டியிருந்தது. கதவைத் திறந்துகொண்டு போய்விடலாமா என்றிருந்தது.

போகவில்லை. தினமும் மதியம் உட்கார்ந்தோம். ஒரு வாரத்தில் எனக்கு எதிர்த்திசையில் பைத்தியம் பிடித்தது. எது மலிவோ அதை அடித்தேன். ஒரு கேள்வியில், அறிக்கைகளை ஏழு வருடம் வைத்திருக்கவேண்டும். முப்பது நாளுக்குப்பின் யாரும் அதிகம் பார்ப்பதில்லை. ஆனால் தணிக்கைக்காரர் கேட்டால் உடனே திரையில் வரவேண்டும். நான் அடிமட்ட ஆவணக் கிடங்கைத் தேர்ந்தெடுத்தேன். இருப்பதிலேயே மலிவு அதுதான்.

"அதுலேர்ந்து ஒரு கோப்பை வெளிய எடுக்க எவ்வளவு நேரம்ண்ணே?"

"பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் ஆகலாம்" என்று நானே சொல்லி, நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"'உடனே'ன்னு இருக்கே" என்றான். "உடனே எடுத்துக் கொடுக்கிற ஆவணக் கிடங்கு ஒண்ணு தனியா இருக்கு. அடிமட்டத்தைவிடக் கூட, சாதா சேமிப்பைவிட ரொம்பக் கம்மி. முப்பது நாள் ஆனதும் தானா அதுக்கு மாறுற மாதிரி விதி எழுதிடணும். முதல்ல தேவைக்கு ஒத்துவராததை அடிச்சுடுங்க. மிச்சம் நிக்கறதுலதான் மலிவு பாக்கணும். ஆளு திங்கக்கிழமை ஒம்பதுக்குப் போய்ச் சேரலைன்னா, டிக்கெட் மலிவா இருந்து என்ன பிரயோஜனம்?"

அவன் எரிச்சலே படமாட்டான். அதுதான் எனக்கு எரிச்சல். நான் தப்பு விடை சொன்னால் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவான். சரியாகச் சொன்னால் டீ வாங்கிக்கொண்டு வந்து வைப்பான். ஒவ்வொரு டீயையும் குடிக்கும்போது, ஸ்கேன் படத்தைப் பற்றி இன்றைக்குச் சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று இடிக்கும். சொன்னால், தெரிந்தே பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வாய் வராது. டீ தீர்ந்துவிடும். டிசைன் வாடிக்கையாளருக்குப் போகும் நாளும் என் பரீட்சை நாளும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன.

வீட்டில் மனைவி கேட்டாள், "என்னங்க, அவன் நல்லாச் சொல்லித் தர்றானா?"

"தர்றான்."

"அதை ஏன் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்றீங்க?"

அவள் கேட்டதும் கத்திவிட்டேன். என் வேலையை எனக்குச் சொல்லித்தர ஒரு டிக்கெட் குமாஸ்தா வேண்டியிருக்கிறது, இதில் பல்லை வேறு இளிக்கவேண்டுமா என்றேன். அவள் துணியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பரீட்சை மையத்தில் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார்கள். கண்ணாடியை வாங்கித் திருப்பிப் பார்த்துத் தந்தார்கள். என்ன கேள்வி வந்தது என்று நானும் சொல்லக்கூடாது; நானும் கையெழுத்துப் போட்டவன்தான். கடைசி வரியை முதலில் படித்தேன். ஒத்துவராததை அடித்தேன். மிச்சத்தில் மலிவைப் பார்த்தேன். ஒரே இடத்தில் மட்டும் கை நின்றது. ஒரு கேள்வியின் நடுவில் "இந்தக் கோப்புகளைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம்" என்பதுபோல ஒரு வரி. இந்தத் திரையில் எழுதியிருந்தால் அது உண்மை. அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை. ஸ்கேன் சென்டர் தாளிலும் அதேதான் எழுதியிருந்தது, அது பொய். பொய் என்று தெரிந்த ஒருவன் இங்கே வந்து உட்கார்ந்து மலிவான விடையை அடித்துக்கொண்டிருக்கிறான். அடித்தேன். சரியான விடைதான் அது.

எழுநூற்று எண்பத்து மூன்று. பாஸ்.

சந்தோஷம் மாடிப்படி இறங்கும்வரை இருந்தது. தெருவுக்கு வந்ததும் இவனுக்கு எண்ணூற்று நாற்பத்தொன்றாச்சே என்று தோன்றியது.

மறுநாள் காலை மேனேஜர் அம்மா மீண்டும் இருவரையும் அழைத்தார். கை கொடுத்தார். டிசைன் இன்று வாடிக்கையாளருக்குப் போகிறது, அதற்குமுன் நாற்காலி விஷயத்தை முடித்துவிடலாம் என்றார். நான் வாயைத் திறந்தேன். டிசைனில் ஒரு திருத்தம் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம், நான் மறந்துபோய்விட்டேன் என்று சேர்த்துக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். அதற்குள் அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"பாஸ் பண்ணினதுக்காக மட்டும் இல்ல. இதுக்காகவும்தான் உங்களுக்குத் தரலாம்னு முடிவு பண்ணேன்" என்றார்.

டிசைனின் கடைசிப் பக்கம். ஒரே ஜோன் என்று இருந்த இடம் மூன்று ஜோனாக மாறியிருந்தது. ஓரத்தில் சகலையின் குறிப்பு: "மூலப் படங்கள் தொண்ணூறு நாளில் அழிகின்றன. ஸ்கேன் அறைக்கு நேரில் போய்க் கேட்டு உறுதி செய்தேன். எனவே இதுவே ஒரே நகல். மூன்று ஜோனில் வைக்கவேண்டும். அண்ணன் கவனித்ததால் தெரியவந்தது." கீழே தேதி. நான் பொய் சொன்ன அதே நாள், மாலை நாலு மணி.

அப்படியென்றால் மறுநாள் என்னைத் தேடி வரும்போதே அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பதினொரு நாள் எனக்குப் பாடம் சொல்லித் தந்தான். டீ வாங்கி வைத்தான்.

"தாள்ல இல்லாத தேவை. அதைப் பிடிக்கறதுக்கு அனுபவம் வேணும்" என்றார் மேனேஜர் அம்மா. "நல்ல வேளை சொன்னீங்க."

சகலை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையை ஆட்டினால் போதும். அவன் காட்டிக்கொடுக்க மாட்டான் என்பது அவன் பார்க்காமல் இருந்த விதத்திலேயே தெரிந்தது. நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்கு அவன்மேல் அதுவரை வராத அளவுக்குக் கோபம் வந்தது. என் நாற்காலியைக்கூட இவன் கொடுத்துத்தான் நான் வாங்கவேண்டுமா?

"நான் சொல்லல மேடம்" என்றேன்.

"என்ன?"

"இவன் கேட்டான். எனக்குத் தெரியும். அழிக்கிற ஸ்கிரிப்டே நான் எழுதினதுதான். தெரிஞ்சே எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னேன்."

"ஏன்?"

பதினாறு வருட வேலையில் எந்த மேலதிகாரியும் என்னிடம் கேட்காத கேள்வி. சுற்றிவளைக்கப் பார்த்தேன், முடியவில்லை. "பொறாமை மேடம்" என்றேன்.

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, தேவை தெரிந்தும் சொல்லாத ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரவைக்க முடியாது என்று தணிந்த குரலில் சொன்னார். வேலை இருக்கும், நாற்காலி இவருக்கு என்றார். நான் சரி என்று எழுந்தேன்.

நடைபாதையில் அவன் ஓடிவந்து பிடித்தான்.

"ஏண்ணே சொன்னீங்க? நான் எழுதினதை அப்படியே விட்டிருக்கலாம்ல?"

"நீ ஏன்டா எழுதினே?"

"நீங்க சொல்லித்தானே எனக்குத் தெரிஞ்சுது. கல்யாணம் ஆனதுலேர்ந்து எட்டு வருஷமா உங்களைப் பாக்கறேன். எதைப் பாத்தாலும் இன்னொண்ணு சேர்ப்பீங்க; ஒண்ணும் சேர்க்காம, 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு நீங்க சொன்னது அன்னைக்குத்தான். ஏதோ பெருசா இருக்குன்னு நேரா ஸ்கேன் ரூமுக்குப் போயிட்டேன்."

"கோபம் இல்லையா உனக்கு?"

"வந்துது. ரெண்டு நாள் வீட்ல சாப்பிடல. உங்க மச்சினிகிட்ட வயிறு சரியில்லைன்னுட்டேன்." சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்துத் திரும்பவும் செருகினான். "ஒரு உதவி வேணும்ண்ணே. இனிமே என் டிசைன் எல்லாத்தையும் நீங்கதான் சரிபாக்கணும். மேடத்துக்கிட்ட நான் பேசிக்கறேன்."

"இன்னைக்கு நடந்ததுக்கு அப்புறமுமா? ஏன்?"

"மத்தவங்க பொய் சொன்னா எனக்குத் தெரியாது. நீங்க சொன்னா தெரிஞ்சுடும்."

கேலியாகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று முகத்தைப் பார்த்தேன். நிஜமாகத்தான் சொன்னான். சரி என்றேன். இப்போது அவனுடைய டிசைன் ஒவ்வொன்றும் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போவதில்லை. எல்லாரும் எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் பாராட்டுகிறார்கள். மதிப்பெண், நாற்காலி இரண்டின்மேலும் எனக்கிருந்த பொறாமை எப்போதோ போய்விட்டது. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் குறிப்பை எழுதியிருக்கமாட்டேன். அதுதான் தொண்டையில் நிற்கிறது.